அழித்துவிடச் சொன்ன டிஸ்க்

"ஒண்டுமில்லை, அழிச்சு விடுங்கோ." எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் பொய்களில் முதலிடம் இதற்குத்தான். சொல்கிறவர்களுக்கே அது பொய் என்று தெரியாது, அதுதான் பெரிய கரைச்சல். பழைய கொம்பியூட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லை என்பார்கள். பார்த்தால் மகளின் கலியாணப் படங்கள் முழுக்க இருக்கும். காணி உறுதியின் ஸ்கான் பிரதி இருக்கும். அழித்த பிறகு ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். நிற்பது அவர்கள், பேச்சு வாங்குவது நான்.

அதனால் எங்கள் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது. நான் போட்ட சட்டம். விற்கப்போகிற டிஸ்க்கோ, துடைத்து வேறு ஆளுக்குக் கொடுக்கிற டிஸ்க்கோ, எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டும். படத்தைத் திறந்து வைத்துப் புதினம் பார்க்கிற வேலை இல்லை. என்ன மாதிரிக் கோப்புகள், எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத பகுதி ஏதும் உண்டா, அவ்வளவுதான். பிறகு சொந்தக்காரரைக் கூப்பிட்டு, இன்னது இன்னது கிடக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, அவர் வாயாலேயே பதில் சொல்ல வைக்க வேண்டும். வேண்டும் என்றால் வேறு டிஸ்கில் எடுத்து, எடுத்தது சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் அழிப்பு. என் மனுசன் இதற்கு 'பொலிஸ் விசாரணை' என்று பெயர் வைத்திருக்கிறார். வைக்கட்டும். பேச்சு வாங்குவது அவர் இல்லையே.

கடை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ரயில் போகும்போது மேசையில் கிடக்கும் சின்னத் திருகாணிகள் தாமாக உருளும். அவன் வந்தது மழை விட்ட ஒரு பின்னேரம். என்னைவிட இளையவன், துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் கிளார்க். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன், கலியாணத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஃபிளாட் ஒன்றில் குடியிருக்கிறான். அம்மா மட்டும் கொட்டாஞ்சேனையை விட்டு வரமாட்டேன் என்று, மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். போன மாதம் செத்துப்போனாராம். வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சாமானை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

ஒரு பழைய கொம்பியூட்டர். ஒரு கமராப் பெட்டி, அதாவது வீட்டுக் கமராவின் படத்தை உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பதியும் ரெக்கோர்டர்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு வித்துருங்க அக்கா," என்றான். "கமராப் பெட்டியில பாக்க ஒண்டும் இல்ல. பாக்காமலே அழிச்சிருங்க."

கதவு வரைக்கும் போனவன் திரும்பி, "பெட்டியப் பாக்கத் தேவையில்ல, என்ன?" என்று இன்னொரு தரம் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. வெறும் பெட்டியைப் பற்றி யாராவது இரண்டு தரம் சொல்வார்களா?

அடுத்த நாள் பார்த்தபோது கொம்பியூட்டரில் ஞானப்பாட்டுத் தாள்களும் யாருடையதோ முதல் நன்மைப் படங்களும் இருந்தன. போன் போட்டுக் கேட்டேன், எடுத்து வைக்கச் சொன்னான், எடுத்து வைத்தேன். அந்த வேலையில் நான் இருக்கும்போதே என் மனுசன் கமராப் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த டிஸ்கைக் கொம்பியூட்டரில் பூட்டிவிட்டார்.

"இஞ்சேர், இதுக்குள்ள ஒண்டுமில்லை. புது டிஸ்க் மாதிரித் தயார்படுத்தட்டோ எண்டு கேக்குது. அமத்தட்டே?"

"கையை எடுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தையல் கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

கமராப் பெட்டி தன் படங்களைத் தனக்கென்று ஒரு முறையில் எழுதும். நாங்கள் பாவிக்கிற கொம்பியூட்டருக்கு அந்த எழுத்துப் புரியாது. புரியாததை எல்லாம் அது வெறுமை என்றே சொல்லும். அதை நம்பி ஓம் என்று அமத்தினால் அலுவல் முடிந்துவிடும். டிஸ்கில் இருப்பதை எதையும் மாற்றாமல், அப்படியே எழுத்தும் எண்ணுமாகக் காட்டுகிற ஒரு புரோகிராம் என்னிடம் இருக்கிறது. அதில் தொடக்கத்தைப் பார்த்தேன், நடுவைப் பார்த்தேன், கடைசியைப் பார்த்தேன். எங்கு தொட்டாலும் நெருக்கமாக எழுதி இருந்தது. ஒரு மூலைகூட மிச்சமில்லாமல் டிஸ்க் நிறைந்து கிடந்தது.

"கமரா டிஸ்க் எண்டா நிறைஞ்சுதானே இருக்கும்," என்றார் இவர். "காலமை பெட்டி வேலை செய்யுதோ எண்டு போட்டுப் பாக்கேக்கை நல்லாத்தான் பதிஞ்சது."

நான் கையிலிருந்த வேலையை விட்டுத் திரும்பினேன். "எதைப் பதிஞ்சது?"

எங்கள் கடையின் சோதனைக் கமராவைக் கொழுவிப் பார்த்தாராம், கொஞ்ச நேரம்தானாம். நிறைந்த டிஸ்கில் புதிதாக எழுத இடம் ஏது? பெட்டி எல்லாவற்றிலும் பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதும். அந்த வீட்டின் பழைய நாள் ஏதோ ஒன்று, எங்கள் கடை மேசையைப் பதிவதற்காகப் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை, இவருக்கும் போடவில்லை. யாருடைய நாளை யார் அழிப்பது?

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்க்க அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் வேண்டும். போன் போட்டேன்.

"அழிக்கிறதுக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லத்தானே அக்கா," என்றான்.

"அழிக்கத் தேவையில்லை. பாக்கத் தேவை."

"நான் பாக்க வேணாம்னு சொன்னேனே."

"தம்பி, நான் ஒளிச்சுப் பாக்கிற ஆளில்லை. நீங்களே வந்து இருந்து பாருங்கோ. பாத்துப்போட்டு, வேண்டாம் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நானே அழிச்சுத் தாறன். இல்லையெண்டா டிஸ்கைக் கழட்டித் தாறன், கடல் பக்கத்திலதானே இருக்கு, கொண்டுபோய்ப் போடுங்கோ."

என் வாய் அப்படி. போனை வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால், "வேலை முடிஞ்சு வர்றேன்" என்றான்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தான். கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அம்மா செத்த அன்று காலையில் பக்கத்து வீட்டு அன்டி கதவைத் தட்டியிருக்கிறார். திறக்காமல் போகவே, தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போயிருக்கிறார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தார். நெஞ்சு வலி, இரவே நடந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னாராம். இத்தாலியில் இருக்கும் அவனுடைய அக்கா அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாளாம். கமரா போட்டாய், போனிலேயே பார்க்கலாம் என்றாய், அம்மா கமரா இருக்கும் ஹோலுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டாரா, கூப்பிட்டபோது நீ எங்கே இருந்தாய்?

"நான் பாக்கல அக்கா. முதல்ல ஒரு கிழமை பாத்தேன். பிறகு தினமும் பொழுது படுற நேரத்துல 'அசைவு தெரியுது'ன்னு போனுக்கு மெசேஜ் வரும். தொல்லையா இருக்குன்னு அத நிப்பாட்டிட்டேன். அம்மா அன்னைக்குக் கூப்பிட்டிருந்தா, நான் அத எப்பிடிப் பாக்குறது? அழிச்சிட்டா யாரும் கேக்க ஏலாது."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "பாக்காமல் அழிச்சா, சாகுமட்டும் நீங்கள் அதைத்தான் பாத்துக்கொண்டு இருப்பியள்," என்றேன்.

சோதனைக் கமராவின் படக் கம்பியைப் பெட்டியிலிருந்து இழுத்து விட்டேன், இனி ஒரு நிமிடம்கூடப் புதிதாகப் பதியக்கூடாது. டிஸ்கைத் திரும்பப் பெட்டிக்குள் பூட்டி, திரையைக் கொழுவினேன். பாஸ்வேர்டை அவனே அடித்தான். அசைவு தெரிந்தால் மட்டும் பதியச் சொல்லி வைத்த பெட்டி அது. அதனால்தான் மாதக்கணக்கான நாட்கள் அதில் தங்கியிருந்தன. கலண்டர் வந்தது. பதிவு இருக்கும் நாளுக்கெல்லாம் ஒரு சின்ன அடையாளம். அம்மாவின் கடைசி நாளை அவன் விரலால் காட்டினான். சுட்டியைத் தொடவில்லை, அன்றைய கடைசிப் பதிவை நான்தான் அமத்தினேன்.

சின்ன ஹோல். மரக் கதிரை ஒன்று, சுவரில் திருஇருதயப் படம், பக்கத்தில் அறைக் கதவு. யன்னலில் பின்னேர வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. திடீரென்று நிறம் எல்லாம் போய்ப் படம் சாம்பலாக மாறியது. அடுத்த கணமே அம்மா வந்துவிட்டார், யாரோ கூப்பிட்டது மாதிரி. நேராகக் கமராவுக்குக் கீழே வந்து நின்று முகத்தை நிமிர்த்தினார். கண்ணாடியின் இரண்டு வட்டமும் வெள்ளையாக மின்னியதில் கண்கள் தெரியவில்லை. வாய் அசையத் தொடங்கியது.

சத்தம் இல்லை. அந்தக் கமராவில் மைக் கிடையாது. அம்மா எங்களைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே இருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கதையை நிறுத்தித் தலையைச் சாய்த்து, யாரோ பதில் சொல்வதைக் கேட்பது மாதிரிப் பொறுத்து நின்றார். ஓம் ஓம் என்று தலையாட்டினார். திரும்பவும் கதைத்தார். இவர் மெல்ல எழும்பிப் போய்க் கடைக் கதவைத் திறந்து வைத்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் அம்மா கையை உயர்த்தி, பெருவிரலால் காற்றில் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். வெளிக்கிடும் பிள்ளையின் நெற்றியில் தாய்மார் போடுவார்களே, அந்தச் சிலுவை. பிறகு அறைக்குள் போனார். அந்த இரவில் அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. அடுத்தது காலை வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு அன்டி கதவைத் திறந்துகொண்டு வருவதுதான்.

"வரேல்லை," என்றேன் நான். "தம்பி, பாத்தியள்தானே? அவ வெளியில வரேல்லை. கூப்பிடவும் இல்லை. உங்கட அக்காவுக்குச் சொல்லுங்கோ."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். நல்லது, அழட்டும் என்று விட்டேன். ஆனால் கையை எடுத்தபோது அவன் கேட்டது வேறு.

"அம்மா யாரோட கதைக்கிறாங்க அக்கா?"

முந்திய நாளைப் போட்டேன். படம் சாம்பலானதும் அம்மா வந்தார், கதைத்தார், பொறுத்தார், தலையாட்டினார், சிலுவை போட்டார். அதற்கு முந்திய நாளும் அப்படித்தான். மழை நாள் ஒன்றில் கொஞ்சம் வேளைக்கே இருட்டியிருந்தது, அன்று வேளைக்கே வந்து நின்றார். அவன் என் கையைப் பிடித்தான். "அம்மாவுக்குத் தலையில ஏதும் பிசகிட்டுதா? போன்ல நல்லாத்தானே கதைச்சாங்க."

அப்போதுதான் கலண்டரை ஒழுங்காகப் பார்த்தேன். அம்மா செத்த பிறகும் ஒவ்வொரு நாளுக்கும் அடையாளம் இருந்தது.

"பூட்டின வீடு அக்கா," என்றான். "ரெண்டு சாவியும் எங்கிட்டத்தான் இருந்துச்சு. கரண்ட் மட்டும் வெட்டாம விட்டிருந்தேன்."

போட்டேன். அதே ஹோல், அதே கதிரை, ஆள் இல்லை. மங்கல் வெளிச்சம். படம் சாம்பலானது. கொஞ்ச நேரம் வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பதிவு முடிந்துவிட்டது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். அம்மா வந்து நிற்கிற அதே வேளை. ஒரு நாள் தவறவில்லை. காரணம் எனக்குத் தெரியும், பிறகு சொல்கிறேன். ஆனால் தெரிந்த காரணம் அந்த நேரத்தில் வாய்க்கு வரவேயில்லை. கையை நிறுத்தவும் தெரியாமல் அடுத்த அடையாளத்தை அமத்தினேன். திரையில் ஒரு பெண் முதுகு காட்டி இருந்தாள். ஐயோ மாதாவே என்று அவன் கதிரையோடு பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

அது நான்தான். இவர் காலையில் பதிந்த எங்கள் கடை. செத்த மனுசியின் வீட்டுக்கு அடுத்த பதிவாக நான் இருந்து கொம்பியூட்டர் துடைத்துக்கொண்டிருந்தேன். இவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து, எங்கள் தலைக்கு மேலே "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். மூவரும் நிமிர்ந்தோம். தட்டின் மேல் இருந்த சோதனைக் கமராவின் படக் கம்பியைத்தான் நான் இழுத்திருந்தேன், கரண்ட் கம்பியை மறந்துபோனேன். கமராவின் கண்ணைச் சுற்றி மங்கலாகச் சிவப்பு வட்டம் ஒன்று எரிந்தது.

"இப்ப யாரு பாக்குறது?" என்று கேட்டான் அவன்.

"ஒருத்தரும் பாக்கேல்லை," என்றேன். வாய் திறந்துகொண்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. "இருட்டினால் அது தானாகப் பத்தும். இருட்டில படம் எடுக்கிறதுக்கு. அப்பத்தான் படம் சாம்பலாப் போறது. படம் முழுக்க மாறினதைப் பெட்டி அசைவு எண்டு நினைச்சுப் பதிஞ்சுபோடும். வீட்டில ஆள் இல்லாட்டியும் அதுதான். உங்கட போனுக்கு மெசேஜ் வந்ததும் அதாலதான் தம்பி. பேயும் இல்லை, பிசாசும் இல்லை."

எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவன் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கமரா போட்ட புதுசுல அம்மா எனக்குப் போன் எடுத்தாங்க," என்றான். "நான் ஒஃபிஸ்ல பிஸியா இருந்தேன். 'பின்னேரம் டிக்குன்னு கேட்டு, சிவப்பு லைட் வருதே மவன், அப்ப நீ பாக்குறேன்னு அர்த்தமா'ன்னு கேட்டாங்க. நான் ஓம்னு சொல்லிட்டேன்."

ரயில் ஒன்று போனது. திருகாணிகள் உருண்டன, பொறுக்க ஒருவரும் எழும்பவில்லை. இத்தனை மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் அந்தத் தாய் மகனைக் காக்கவைக்கக்கூடாது என்று ஓடிவந்து நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

அன்றைக்கு ஒன்றையும் அழிக்கவில்லை. அம்மா நிற்கும் பதிவுகளை எல்லாம் பெட்டியிலிருந்தே பென் டிரைவில் இறக்கி, ஒவ்வொன்றையும் கொம்பியூட்டரில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்தேன். டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி அவனிடமே கொடுத்தேன். எங்கள் கடை தின்ற பழைய நாள் எது என்று தேடினோம், கிடைக்கவில்லை. மிஞ்சியிருந்தவற்றில் முதலாவது பதிவு, அம்மா கதைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் பாதியில் தொடங்கியது. இவர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் பரவாயில்லை என்றான், பரவாயில்லாத முகத்தோடு.

பிறகு கன நாள் அவனைக் காணவில்லை. ஒருநாள் மீன் வாங்கப் போன இடத்தில் கண்டேன். கொஞ்சம் மெலிந்திருந்தான், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கேன் அக்கா. பொழுது பட்டதும் தினமும் ஒண்ணு போட்டுப் பாக்குறேன். அம்மா கதைய நிப்பாட்டுற இடத்துல நான் பதில் சொல்லுவேன்."

அவன் மீன் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"சில நாள் சரியா வருது அக்கா. நான் சொல்லி முடிச்ச பிறகுதான் அம்மா தலையாட்டுறாங்க."